பீரியட்ஸுக்கு முன் ஏறும் எடை: நீரா, கொழுப்பா?

"பீரியட்ஸுக்கு முன்னாடி நாலே நாளில் ஒன்றரை கிலோ ஏறிடுது. டயட் எல்லாம் வீணா? இது கொழுப்பா, தண்ணியா?"

பெரும்பாலும் நீர்தான், கணக்குப் போட்டாலே தெரியும். ஒரு கிலோ கொழுப்பு சேர வழக்கமான தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும், அப்படியென்றால் ஒன்றரை கிலோவுக்கு 11,500க்கு மேல், அதாவது நாலு நாளும் தினமும் 2,900 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். அந்த நாட்களில் பசி கூடுவது உண்மைதான், ஆனால் இவ்வளவு யாரும் சாப்பிடுவதில்லை.

கருமுட்டை வெளியான பிறகு ஹார்மோன்கள் மாறுவதால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கிறது, உப்போடு நீரும் தங்குகிறது. மோதிரம் இறுகும், மார்பு கனக்கும், சாக்ஸ் போட்ட இடத்தில் தடம் பதியும். குடலும் மந்தமாவதால் வயிறு உப்பும், அது வேறு.

நீர் என்றால் வந்த வேகத்திலேயே போகும். பலருக்கு ரத்தப்போக்கு தொடங்கும் நாளில்தான் உச்சம், அப்புறம் சில நாளில் சிறுநீராக வெளியேறிவிடும். அதனால் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாதீங்க. பீரியட்ஸ் தொடங்கிய ஏழாம் நாள், காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடும் முன் எடை பாருங்க, மாதாமாதம் அதே நாளில். அந்த எண் மூன்று மாதமாக ஏறிக்கொண்டே போனால் கொழுப்பைச் சந்தேகிக்கலாம்.

ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் குறைத்தால் சிலருக்கு வீக்கம் கொஞ்சம் தணியும். நீர் இறங்கும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீங்க. பீரியட்ஸ் முடிந்தும் வீக்கம் வடியவில்லை, ஒரு கால் மட்டும் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் உடனே டாக்டரிடம் போங்க.