ஆளுக்கு ஒரு போத்தல், எனக்கு மட்டும் ஏன் ஏறியது?

"நானும் அவரும் 60 கிலோ நிறை. பாசிக்குடாவில் ஆளுக்கு ஒரு போத்தல் பியர் குடித்தோம். அவருக்கு ஒன்றுமில்லை, எனக்குத் தலை சுற்றியது. பழக்கமில்லாததாலா? பழகினால் சரிவருமா?"
- கல்லடி வாசகி

முக்கிய காரணம் உடம்பிலுள்ள தண்ணீர். மதுசாரம் தண்ணீரில் கரைந்து பரவும், கொழுப்பில் அவ்வளவாகச் சேராது. பெண்களின் உடம்பில் கொழுப்பின் பங்கு சற்று அதிகம். அதனால் பொதுவாக ஆணின் நிறையில் ஏறக்குறைய 60 சதவீதமும், பெண்ணின் நிறையில் 50 சதவீதமும் தண்ணீர்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 625 மில்லிலீற்றர் போத்தலில் 4.8 சதவீத பியர் என்றால், அதிலுள்ள மதுசாரம் சுமார் 24 கிராம். அவருடைய உடம்பில் அது 36 லீற்றர் தண்ணீரில் கலக்கிறது, லீற்றருக்கு 0.67 கிராம். உங்கள் உடம்பில் 30 லீற்றர்தான், லீற்றருக்கு 0.8 கிராம். நிறை ஒன்றாக இருந்தும் உங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட. நீங்கள் 50 கிலோவாக இருந்திருந்தால் 0.96 ஆகியிருக்கும்.

இரண்டாவது காரணம் நொதியம். அல்கஹோல் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியம் பெரும்பாலும் ஈரலில் இருந்தாலும், இரைப்பைச் சுவரிலும் கொஞ்சம் உண்டு. குடித்ததில் ஒரு சிறு பகுதியை இரத்தத்துக்குப் போகுமுன்பே அது சிதைத்துவிடும். இளவயதுப் பெண்களிடம் இரைப்பையில் இதன் செயற்பாடு ஆண்களைவிடக் குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டின. ஆனால் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம், தண்ணீர் வித்தியாசம்தான் பெரியது. வெறும் வயிற்றில் குடித்தால் பியர் இரைப்பையில் தங்காமல் சிறுகுடலுக்கு ஓடிவிடும், அப்போது அந்த நொதியத்துக்கு வேலை செய்ய நேரமே இல்லை. நீங்கள் சோறு சாப்பிடாமல் குடித்திருந்தால் விரைவாக ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈரல் மெதுவாக வேலை செய்வதால் பெண்களுக்கு ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இருவருக்குமே மணிக்கு ஏறக்குறைய 7 கிராம்தான் வெளியேறும், ஆகவே ஒரு போத்தலுக்கு மூன்று நான்கு மணித்தியாலம் தேவை. தேசிக்காய்த் தண்ணியோ குளிப்போ அதைக் குறைக்காது.

சரி, பழகினால்? மூளை பழகிவிடும், தலை சுற்றல் குறையும். ஆனால் அந்த 0.8 கிராம் அப்படியே இருக்கும், ஈரலுக்குப் படும் பாதிப்பும் குறையாது. தொடர்ந்து அதிகம் குடிக்கும் பெண்களுக்கு, ஆண்களைவிடக் குறைந்த அளவிலும் குறைந்த காலத்திலும் ஈரல் நோய் வருவது மருத்துவத்தில் நன்கு தெரிந்த விடயம். பழக்கிக்கொள்ள முயலாதீர்கள் என்று அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. "அவருக்கு ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தலை சுற்றாவிட்டாலும் அவருடைய கவனமும் பிறேக் பிடிக்கும் வேகமும் குறைந்துதான் இருந்திருக்கும். அன்று அவர்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டி உங்களைக் கல்லடிக்குக் கூட்டி வந்தாரா?