வட்ஸ்அப் குழு சொன்ன பங்கை வாங்கலாமா?

“உப்புவெளியில் சின்னக் கடை. வட்ஸ்அப் குழுவில் 4 ரூபாய்ப் பங்கு 9 ஆகிவிட்டது, 20க்குப் போகும், மாதம் 10 வீதம் நிச்சயம் என்கிறார்கள். 3 லட்சம் போடலாமா அண்ணா?”

போட வேண்டாம் தம்பி. கொழும்புப் பங்குச் சந்தையின் cse.lk தளத்தில் அந்தக் கம்பனியின் பக்கத்தைத் திறந்து, விலையை விட்டுவிட்டு ஒரு நாளில் கைமாறும் பங்குகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். முன்பு நாளுக்கு 5,000, இப்போது பல லட்சமா? அப்புறம் அறிவித்தல்களைப் பாருங்கள். புது ஒப்பந்தமோ காலாண்டு இலாபமோ இல்லையென்றால், விலையை ஏற்றியது அந்தக் குழுவாகத்தான் இருக்கும்.

4 ரூபாய்க்குச் சத்தமில்லாமல் 5 லட்சம் பங்கு சேர்த்தவர், நாளுக்கு 5,000 மட்டும் கைமாறும் இடத்தில் அதை விற்க முடியாது, விலை சரிந்துவிடும். வாங்க ஆட்கள் வேண்டும். அதற்குத்தான் குழு.

நானும் மாட்டினேன். 9.20க்கு 10,000 பங்கு, 92,000 ரூபாய். விலை இறங்கியதும் குழுவில் “விற்காதீங்க, பிடிச்சு வையுங்க” என்றார்கள். 8.50க்கு விற்கப் போட்டேன். வாங்குவோர் வரிசையில் 300 பங்குக்குத்தான் ஆள். கடைசியில் 4.10க்குத் தள்ளினேன், 51,000 போச்சு.

மாதம் 10 வீதம் என்றால், இலாபத்தையும் எடுக்காமல் விட்டால் உங்கள் 3 லட்சம் ஓராண்டில் 9 லட்சத்து 40 ஆயிரம். அப்படி நிச்சயமாக வருமென்றால் அவர்கள் வங்கியில் கடன் வாங்கித் தாங்களே போட்டிருப்பார்களே!

பணத்தை எங்கே போடச் சொல்கிறார்கள்? பங்கு வாங்க, பங்குகளைப் பதிந்து வைக்கும் சீடிஎஸ் கணக்கு உங்கள் பெயரிலும், அனுமதி பெற்ற தரகரும் வேண்டும். தனியாள் வங்கிக் கணக்கு இலக்கம் வந்தால், அங்கே பங்கே இல்லை.