கடைச் சுவரில் அப்பா போட்ட கோடுகள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். கல்லாவுக்குப் பின்னால் இருந்த சுவரில் பென்சிலாலும் நீலப் பேனாவாலும் கோடு கோடாகப் போட்டு வைத்திருப்பார், நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. அந்தச் சுவருக்கு இப்போது வெள்ளையடித்துவிட்டார்கள், அவர் இருக்கும்போது நான் செல்போனில் எடுத்த ஒரு படம்தான் மிச்சம். அதில் ஏழு கூட்டமாகக் கோடுகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன். ஒன்றில் 12, அது அப்பா பிறந்த தேதி. ஒன்றில் 23, நான் பிறந்த தேதி. ஒன்றில் 9, அவர் இறந்த தேதி! இன்னொன்றில் 17 இருக்கிறது, அது எதற்கும் பொருந்தவில்லை, அதனால் இனி வரப்போகிற தேதி என்று நினைக்கிறேன். கடையைக் கைமாற்ற அண்ணன் கையெழுத்துக் கேட்கிறான், 17 தாண்டட்டும் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். உனக்குப் பைத்தியமா என்கிறான். எனக்குப் பைத்தியமா?

— கடைக்காரர் மகள்

அன்புள்ள சகோதரி,

இல்லை. ஆனால் அந்த 17-ஐப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் பிறந்த நாள்கள், கல்யாண நாள்கள், கடை திறந்த நாள், திதி என்று மனதில் நிற்கிற தேதிகள் எப்படியும் பத்து தேறும். மாதத்தில் இருப்பது 31 நாள். ஆக, 31-க்குள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் அது உங்கள் வீட்டுத் தேதி ஒன்றில் போய் விழும். ஏழு கூட்டத்தில் இரண்டு மூன்று பொருந்துவது சாதாரணம். உங்களுக்கும் மூன்றுதான் பொருந்தியிருக்கிறது, மீதி நாலு பொருந்தவில்லை. பொருந்தாத 17-ஐ விட்டுவிடாமல் அதற்கு ஒரு வருங்காலத்தைக் கொடுத்தீர்கள் பாருங்கள், மனம் வேலை செய்வது அந்த இடத்தில்தான்.

இப்படித் தொடர்பில்லாதவற்றில் தொடர்பு காண்பதை அபோஃபீனியா என்பார்கள். கிளவுஸ் கொன்ராட் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் 1958-ல் மனச்சிதைவின் ஆரம்ப நிலையை விவரிக்கும்போது எழுதிய சொல் அது. பயப்படாதீர்கள், இதன் லேசான வடிவம் எல்லோரிடமும் உண்டு, துக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வரும். இழந்தவரிடமிருந்து ஒரு வார்த்தையாவது வராதா என்றுதானே தேடுகிறோம்.

சரி, அந்தக் கோடுகள் உண்மையில் என்ன? படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு கூட்டம் முழுக்க ஒரே பென்சில், ஒரே அழுத்தம் என்றால் ஒரே மூச்சில் எண்ணியது, மூட்டை இறக்கும்போது போட்டதாக இருக்கலாம். ஒரே கூட்டத்துக்குள் பென்சிலும் பேனாவும் மாறி மாறி வந்தால் நாள்கணக்கில் சேர்ந்தது, தண்ணீர் கேன், பால் மாதிரி. ஒரு கூட்டத்தை மொத்தமாக அடித்துவிட்டிருந்தால் காசு கொடுத்து முடித்தாயிற்று என்று அர்த்தமாக இருக்கும். இதெல்லாம் என் ஊகம்தான், நிச்சயமாகச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். கேன் போடுகிறவர், மூட்டை இறக்கியவர், கடையில் வேலை செய்த பையன், இவர்களிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். தேதிகளைப் பற்றி மட்டும் முதலில் வாயைத் திறக்காதீர்கள், சொன்னால் உங்கள் மனம் நோகக்கூடாது என்று அவர்களும் தலையாட்டிவிடுவார்கள்.

படத்தை அழிக்கச் சொல்லவில்லை. இறந்தவரை மறந்து மனதைப் பிரித்துக்கொள்வதுதான் நல்ல துக்கம் என்று ஒரு காலத்தில் ஆலோசகர்களே சொன்னார்கள். 1996-ல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள், இறந்தவரோடு உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பு என்றார்கள். அப்பா எதை எண்ணினார், யாருக்குக் கடன் விட்டார் என்று தெரிந்துகொள்வது அப்படிப்பட்ட உறவுதான். அந்தச் சுவர் தேதி பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறது என்பது வேறு விஷயம். கடையைக் கொடுக்க உங்களுக்கே மனமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, அப்படியானால் அதை அண்ணனிடம் நேராகச் சொல்லுங்கள், 17-ஐ முன்னால் நிறுத்தாதீர்கள். அவரும் அப்பாவை இழந்தவர், பைத்தியமா என்று கேட்டது எரிச்சலில் இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். பஸ் நம்பரிலும் ரசீதிலும்கூட அப்பா சொல்வதுபோல் தெரிய ஆரம்பித்தாலோ, தூக்கம் போனாலோ, யார் என்ன சொன்னாலும் சந்தேகமே வராத உறுதி வந்துவிட்டாலோ மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். எனக்குப் பைத்தியமா என்று நீங்களே கேட்கிறீர்கள், அந்தச் சந்தேகம் இருக்கும்வரை எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் ஏக்கம் வருஷம் தாண்டியும் அன்றாட வேலையையே நிறுத்தி வைக்கிறது என்றால் அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.