நீங்களும் உங்கள் நெருங்கிய நண்பரும் ஒரே இடத்தைக் கனவில் கண்டதுண்டா? அது இருவருக்கும் என்ன சொன்னது?

2024 கோடையில் எங்களுக்கு நடந்தது. எனக்கும் என் நண்பனுக்கும் ஊர் பண்ணவாடி, மேட்டூர் அணைத் தண்ணீரின் கரை. ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டு, இப்போது திருப்பூரில் ஒரே அறை.

ஒரு ஞாயிறு காலை டீக்கடையில், "நேத்து நம்ம நந்தி கனவுல வந்துச்சுடா" என்றேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். அவனுக்கும் அதே நந்திதான்.

1934-ல் கட்டி முடித்த அணையில் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி அது. அணை நிரம்பினால் 120 அடி. தண்ணீர் இறங்கும்போது முதலில் பழைய கிறிஸ்தவ ஆலயக் கோபுரம் தெரியும், 70 அடி வாக்கில் நந்தி தலைகாட்டும். அந்த வருடம் முழுசாகவே வெளியே நின்றது.

என் கனவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நந்தியின் முட்டி, கழுத்து, அப்புறம் கொம்பு. பயத்தில் விழித்தேன். அவன் கனவில் தண்ணீர் நந்தியை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தது. அவனும் பயந்துதான் விழித்திருக்கிறான்.

காரணம் எங்கள் வீடுகளில் இருக்கிறது. தண்ணீர் வற்றிய நிலத்தில் சோளம், கம்பு விதைக்கிற குடும்பம் எங்களுடையது. கர்நாடகத்தில் மழை கொட்டி காவிரி பெருகினால், கதிர் முற்றுவதற்குள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். அவன் அப்பா பரிசலில் மீன் பிடிப்பவர். தண்ணீர் பின்வாங்கினால் பரிசலைச் சேற்றில் எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போவது?

அவன்தான் கேட்டான்: "நந்தி பக்கத்துல நாய் நின்னுச்சா?" நின்றது. வெள்ளை நாய். அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தில் அந்த நாய் இருந்தது. எங்கள் காட்டிலிருந்து பார்த்தால் நந்தியின் முதுகுதான் தெரியும், அவன் பரிசலில் வந்தால் முகம். ஆனால் கனவில் இருவருமே அதைப் பக்கவாட்டில், படத்தில் இருந்த மாதிரியே பார்த்திருக்கிறோம். ஆக, இடம் ஒன்றாக வந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. தண்ணீரை மட்டும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறோம்.

ஜூலையில் வெள்ளம் வந்தது. மாதக் கடைசியில் அணை நிரம்பியேவிட்டது. கனவு பலித்துவிட்டது என்றாள் அம்மா. வருடா வருடம் பயப்படுகிற விஷயம் ஒரு வருடம் நடக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. அப்பா சோளத்தைப் பச்சையாகவே அறுத்து மாட்டுத் தீவனத்துக்கு ஒதுக்கினார். கடைசிக் கட்டுகள் தண்ணீரில் நின்றபோது, அவற்றைக் கரை சேர்த்தது அவன் அப்பாவின் பரிசல். அன்றைக்கு அவர் மீனுக்குப் போகவில்லை.