"டாகி டேபிள் அண்டர் தூங்குது": தமிழை நிறுத்தணுமா?

"டீச்சர், பையனுக்கு மூணரை வயசு. வீட்டுல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ். 'டாகி டேபிள் அண்டர் தூங்குது'ன்னு சொல்றான். ரெண்டுமே உருப்படாதோன்னு பயமா இருக்கு. வீட்டுல தமிழை நிறுத்திடவா?"

நிறுத்தாதீங்க. அவன் சொன்னதை கொஞ்சம் உத்துப் பாருங்க. தமிழ்ல 'மேஜைக்கு அடியில', அதாவது பொருள் முன்னாடி, 'அடியில' பின்னாடி. இங்கிலீஷ்ல தலைகீழ், 'அண்டர் த டேபிள்'. பையன் வார்த்தையை இங்கிலீஷ்லேர்ந்து எடுத்து தமிழ் வரிசையில அடுக்கியிருக்கான், வினைச்சொல்லும் ஒழுங்கா கடைசில நிக்குது. அதாவது இலக்கணம் இருக்கு, தமிழ் இலக்கணம். எந்த மொழி அவனுக்கு கையில ஈஸியா வருதோ அதோட அமைப்பு இன்னொண்ணுலயும் எட்டிப்பாக்கும், நாளைக்கு ஸ்கூல் பழக்கம் கூடினா 'நான் போறேன் ஸ்கூலுக்கு'ன்னு எதிர்ப்பக்கமும் சாயலாம். நாமளே 'பஸ்ஸுக்கு லேட்டாயிடுச்சு'ன்னு இங்கிலீஷ் வார்த்தைல 'க்கு' ஒட்டித்தானே பேசுறோம், யாரும் நம்மள டெஸ்டுக்கு கூட்டிட்டு போகல.

சந்தேகமா இருந்தா ஒண்ணு செய்ங்க. தமிழ் மட்டுமே தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட, பாட்டின்னு வச்சுக்கோங்க, அவன் பேசுறதை தூரத்துலேர்ந்து கேளுங்க. இங்கிலீஷ் அங்க குறைஞ்சா, ரெண்டும் வேற வேறன்னு அவனுக்கு தெரியும்னு அர்த்தம். குறையலன்னாலும் உடனே பதறாதீங்க, தமிழ்ல அந்த வார்த்தையே தெரியாம இருக்கலாம்.

திருத்தும்போது "தப்பு, மறுபடி சொல்லு"ன்னு நிறுத்தி வைக்காதீங்க. "ஆமா, நாய் மேஜைக்கு அடியில தூங்குது, பாவம் அசதி போல"ன்னு சரியான வாக்கியத்தை பதிலா சொல்லிட்டு பேச்சை தொடருங்க, போதும்.

எப்ப கவலைப்படணும்? இதை மட்டும் நிதானமா படிங்க. ரெண்டு வயசு ஆகியும் எந்த மொழிலயும் 'பால் வேணும்' மாதிரி ரெண்டு வார்த்தை சேர்த்து பேசலன்னா, இல்ல பேசிட்டு இருந்த குழந்தை பேச்சை நிறுத்திடுச்சுன்னா பாக்கணும். மொழி கலந்து சேர்த்தா அதுவும் சேர்த்ததுதான், 'மில்க் வேணும்'னா கணக்குல உண்டு. வார்த்தை எண்ணும்போதும் ரெண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்க. தமிழ்ல 30, இங்கிலீஷ்ல 25 இருக்கற குழந்தைய இங்கிலீஷ்ல மட்டும் எண்ணிட்டு 25தான்னு முத்திரை குத்துறாங்க, எனக்கு எரிச்சல் வர்றதே இங்கதான். நிஜமாவே பேச்சு பின்தங்கியிருந்தா மொதல்ல காது கேட்கும் திறனை சோதிங்க, அப்புறம் ஸ்பீச் தெரபிஸ்ட்.

இந்த பயத்தை காசாக்கறவங்களும் உண்டு. "மொழிக் குழப்பம், ஆறு மாச பேக்கேஜ், வீட்டுல இங்கிலீஷ் மட்டும்"னு யாராவது சொன்னா, தமிழ்ல சோதிச்சீங்களான்னு கேளுங்க. சோதிக்கலன்னா எழுந்து வந்துடுங்க. ஸ்கூல் அட்மிஷன்லயும் இதே கூத்துதான், ஃபார்ம்ல தாய்மொழி கேப்பாங்க, தமிழ்னு எழுதுவோம், அப்புறம் குழந்தைகிட்ட ஒரு கேள்வி கூட தமிழ்ல கேக்க மாட்டாங்க. அந்த கூட்டத்துல நானும் உக்காந்து கேள்வி கேட்டிருக்கேன், இங்கிலீஷ்லதான்.