பிடித்த வரியும் உங்கள் வருமானமே

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருந்தபடி யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறேன். 2024-25இல் 8,50,000 ரூபாய் வங்கிக்கு வந்தது. அமெரிக்க வரி என்று 30,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். வங்கியில் வந்ததை மட்டும் காட்டினால் போதுமா? பிடித்த வரி திரும்பக் கிடைக்குமா?

பதில்: போதாது, சகோதரி. பிடித்தம் செய்யப்பட்ட தொகையும் நீங்கள் ஈட்டியதே என்பதால் 8,80,000 ரூபாயை வரவாகக் காட்டி, அதிலிருந்து சேனலுக்கான செலவுகளைக் கழிக்க வேண்டும். வெளிநாட்டு வருமானம் இருப்பதால் எளிய ஐ.டி.ஆர்-4 உங்களுக்குப் பொருந்தாது, ஐ.டி.ஆர்-3 தான் வழி.

இந்தியா அமெரிக்காவுடன் செய்துள்ள வரி ஒப்பந்தப்படி அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பங்கில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். ஆகவே உங்கள் 30,000 ரூபாய்க்குப் பின்னால் இருக்கும் அமெரிக்கப் பங்கு 2,00,000 ரூபாய். ஆட்சென்ஸ் கணக்கில் வரி விவரமே கொடுக்காதவர்களுக்கு உலகம் முழுவதிலுமிருந்து வரும் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை போய்விடலாம். ஆகவே அங்கே பான் எண்ணும் ஒப்பந்தச் சலுகைக் கோரிக்கையும் சரியாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

அந்த வரிக்கு இங்கே ஈடு கேட்கலாம், அதாவது இந்தியாவில் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அமெரிக்கப் பங்கின் மீது இந்தியாவில் எவ்வளவு வரி வருகிறதோ அதற்கு மேல் கிடைக்காது. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். செலவு 80,000 ரூபாய் என்றால் நிகர வருமானம் 8,00,000. வேறு வருமானம் இல்லாவிட்டால் புதிய முறையில் அந்த ஆண்டின் வரி, செஸ் சேர்த்து 31,200 ரூபாய். இதில் அமெரிக்கப் பங்குக்கு உரியது சுமார் 7,000 ரூபாய். உங்களுக்குக் கிடைக்கும் ஈடு அவ்வளவே. செலவு 2,00,000 ரூபாய் ஆகி நிகரம் 7,00,000க்குள் வந்தால் தள்ளுபடியால் வரியே இல்லை. ஈடும் இல்லை, மிச்சத்தை யாரும் திருப்பித் தரவும் மாட்டார்கள்.

ஈடு கோர, வருமான வரித் தளத்தில் படிவம் 67ஐத் தாக்கல் செய்ய வேண்டும். 2024-25க்கு அதன் கடைசி நாள் 2026 மார்ச் 31. ரிட்டர்னுக்கு முன்பே அதைப் போட்டுவிடுவது நல்லது. சான்றாகக் கூகுள் தரும் 1042-S படிவம் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு. நம்முடையதோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. எனவே இரண்டு ஆண்டுகளின் 1042-S படிவங்களையும் எடுத்துக்கொண்டு, ஆட்சென்ஸ் பரிவர்த்தனைப் பக்கத்தை மாதவாரியாகப் பதிவிறக்கி வையுங்கள். ஒவ்வொரு மாதமும் வரிப் பிடித்தம் அதில் தனிப் பதிவாகத் தெரியும். வங்கியில் கேட்டால் அந்நியப் பண வரவுச் சான்று தருவார்கள். டாலர் எந்த விலையில் மாறியது என்பது அதில் இருக்கும். ஆனால் பிடித்த வரியை ரூபாயாக்க வேறு விதி: பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஸ்டேட் வங்கி டாலருக்கு அறிவிக்கும் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விலை.

உங்கள் கணக்கரை பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ வைத்துக்கொள்ளலாம், வருமான வரிக்கு எல்லை இல்லை. ஆனால் மொத்த வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால், வெளிநாட்டுப் பணமும் அதில் சேரும் என்பதால், ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படும், அதைக் கேரளத்தில்தான் எடுக்க வேண்டும்.