சீனிக்கு 18, கொலஸ்ரோலுக்கு 38.67: இரத்தப் பரிசோதனை அறிக்கையில் அலகு மாற்றுவது பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சியிலிருந்து: கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பிய குளுக்கோமீற்றர் அம்மாவுக்கு 11.2 காட்டியது. அம்மா அதை நூற்றுப் பன்னிரண்டு என்று வாசித்து, சீனி குறைந்துவிட்டதென்று அன்றைய மாத்திரையை விட்டுவிட்டார். சரிதானா?

சரியில்லை. அந்த அளவு எங்கள் கணக்கில் ஏறத்தாழ 202 ஆகும். கனடாவில் சீனியை mmol/L அலகிலும், எங்கள் கிளினிக் கொப்பிகளில் mg/dL அலகிலும் எழுதுகிறார்கள். ஒரு மில்லிமோல் குளுக்கோசின் நிறை 180 மில்லிகிராம். டெசிலீற்றர் என்பது லீற்றரில் பத்தில் ஒன்று. ஆகவே 18 ஆல் பெருக்கினால் எங்கள் எண் வரும். புள்ளி மிகச் சிறியது, அம்மாவின் வயதில் கண்ணுக்குத் தப்பிவிடும். mmol/L கருவி தசமப் புள்ளியோடு காட்டும், mg/dL கருவி முழு எண்ணாகவே காட்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கருவியின் முதுகில் "18 ஆல் பெருக்கவும்" என்று எழுதி ஒட்டுங்கள். கொப்பியில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதுங்கள். விடுபட்ட மாத்திரையை ஈடுசெய்ய இரட்டையாகக் கொடுக்காமல், நடந்ததைக் கிளினிக்கில் சொல்லுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து: லண்டனில் இருக்கும் மகளுக்காக என் அறிக்கையில் உள்ள எல்லா எண்களையும் 18 ஆல் வகுத்து அனுப்பினேன். கொலஸ்ரோல் 232 என்பது 12.9 ஆனது. மகள் பயந்து அழுகிறாள்.

மகளுக்கு இன்றே சொல்லுங்கள், ஐயா: உங்கள் கொலஸ்ரோல் 6.0 தான். வகுக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரி. ஆனால் 18 என்பது குளுக்கோசுக்கு மட்டும் உரியது. கொலஸ்ரோல் மூலக்கூறு அதைவிட இரு மடங்குக்கும் மேல் கனமானது என்பதால் அதை 38.67 ஆல் வகுக்க வேண்டும். ட்ரைகிளிசரைட் இன்னும் கனமானது, அதற்கு 88.57. நீங்கள் அனுப்பிய அறிக்கையில் மொத்தக் கொலஸ்ரோல் 232, எச்.டி.எல். 42, எல்.டி.எல். 154, ட்ரைகிளிசரைட் 180 என்று உள்ளன. முதல் மூன்றும் கொலஸ்ரோலே என்பதால் 38.67 ஆல் வகுபட்டு 6.00, 1.09, 3.98 ஆகின்றன, கடைசியானது 88.57 ஆல் வகுபட்டு 2.03 ஆகிறது. ட்ரைகிளிசரைட்டையும் 38.67 ஆல் வகுத்திருந்தால் 4.65 என்று வந்து, இல்லாத பயமொன்றைத் தந்திருக்கும்.

மாற்றியது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எல்.டி.எல். அளவைக் கணக்கிட்டே எழுதும் ஆய்வுகூடங்கள், மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைட்டின் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கின்றன: 232 − 42 − 36 = 154. mmol/L அலகில் அதே கணக்குக்கு ஐந்துக்குப் பதிலாக 2.2 ஆல் வகுக்க வேண்டும்: 6.00 − 1.09 − 0.92 = 3.99. இந்தச் சிறு வேறுபாடு தசமத்தைச் சுருக்கியதால் வந்தது. இரண்டு விடைகளும் வெகுவாக விலகினால் எங்கோ தவறான எண்ணால் வகுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

மல்லாவியிலிருந்து: எனக்கு HbA1c 7.2. அதை 18 ஆல் பெருக்க 130 வருகிறது. அப்படியானால் நல்ல கட்டுப்பாடுதானே?

அந்த 7.2 ஒரு சதவீதம். சீனி படிந்த ஹீமோகுளோபினின் பங்கை அது சொல்கிறது. அதை 18 ஆல் பெருக்குவதில் பொருளில்லை. சராசரிச் சீனியை மதிப்பிட, 28.7 ஆல் பெருக்கி 46.7 ஐக் கழிப்பார்கள். உங்களுக்கு அது ஏறத்தாழ 160 mg/dL. இதே முடிவை லண்டனில் 55 என்று எழுதுவார்கள். அந்த அலகு mmol/mol; mmol/L அன்று.

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்: 18 என்பது துல்லியமன்று, 18.02 என்றே எழுத வேண்டும்.

உண்மை, ஏற்றுக்கொள்கிறேன். ஆய்வுகூட அறிக்கையில் 18.02 இருப்பதே முறை. ஆனால் 400 என்ற உயர்ந்த அளவில்கூட ஒன்றில் 22.22, மற்றதில் 22.20 என்றே வரும். வீட்டில் மனக்கணக்குப் போடும் ஒருவருக்கு 18 போதும் என்பதே என் கருத்து.

மன்னாரிலிருந்து: ஒரே காலையில் கருவி 9.4, ஆய்வுகூடம் 151. மாற்றினாலும் 169 வருகிறது. எது சரி?

மாற்றியதில் பிழையில்லை. ஐ.எஸ்.ஓ. 15197 நியமப்படி, இந்த அளவுகளில் கருவி ஆய்வுகூட முடிவிலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம். 151க்கு 174 வரை அந்த எல்லைக்குள்தான். மேலும், புளோரைட் இல்லாத குழாயில் எடுத்த இரத்தம் பிரிக்கப்படாமல் காத்திருந்தால், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சீனி குறையும். தூர ஊரில் எடுத்து வாகனத்தில் கொண்டுபோகும் மாதிரிகளில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உங்கள் இரத்தத்தை எந்தக் குழாயில் எடுத்தார்கள், எத்தனை மணிக்குச் சோதித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அது தெரியாமல் இரண்டில் எது மெய்க்கு அண்மையானது என்று கூற இயலாது.